கரும்பு ஆலையின் நொதித்தல் தொட்டியும் ஹெஸ்ஸின் விதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளுக்கோஸ் நொதித்து எத்தனால் ஆகும்போது வரும் வெப்பத்தை நேராகவே அளந்துவிடலாமே? ஏன் இந்தச் சுற்றுவழி?

அளக்கலாம், ஆனால் கிடைக்கும் எண் நமக்கு வேண்டிய வினைக்குரியதாக இருக்காது. ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் எத்தனாலாக மாற்றுவதில்லை. ஒரு பங்கைத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது, இன்னொரு பங்கு கிளிசரால் போன்ற துணைப்பொருள்களாகப் போகிறது. வேலை முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு நேரம் மெல்ல மெல்ல வரும் வெப்பத்தைச் சிந்தாமல் பிடித்து வைப்பது கடினம்.

எரிதல் அப்படியல்ல. குளுக்கோஸையும் எத்தனாலையும் ஆக்சிஜன் நிரப்பிய குண்டு கலோரிமானியில் எரித்தால் சில நொடிகளில் வினை முடிந்துவிடும், விளைபொருள்களும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். அந்த இரண்டு எண்களும் இருந்தால் நொதித்தலின் என்தால்பியைக் காகிதத்திலேயே பெறலாம். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1840இல் வெளியிட்ட விதிதான் இதற்கு அடிப்படை.

மொரீஷியஸில் மொலாசஸிலிருந்து எத்தனால் எடுக்கும் வடிசாலைகளில் இந்த எண்ணுக்கு நேரடிப் பயன் உண்டு. தொட்டியைக் குளிர்விக்க எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்பதை இதிலிருந்துதான் கணக்கிடத் தொடங்குகிறார்கள். எச்.எஸ்.சி. வேதியியல் எழுதும் மாணவர்களுக்கும் இதே கணக்குமுறை தேர்வில் வரும். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் இந்த ஒரு வினையை வைத்தே போகிறது.

கையில் பல சமன்பாடுகள் இருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

வேண்டிய சமன்பாட்டை முதலில் எழுதுங்கள், சமன் செய்யுங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் நிலையைக் குறியுங்கள். இதை எழுதாமல் கொடுத்த சமன்பாடுகளைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பதில்தான் பாதிப் பேருக்கு நேரம் போகிறது.

```
வேண்டியது:
C6H12O6(s) → 2 C2H5OH(l) + 2 CO2(g)    ΔH = ?

தெரிந்தவை (25 °C):
(1) C6H12O6(s) + 6 O2(g) → 6 CO2(g) + 6 H2O(l)   ΔH = −2803 kJ
(2) C2H5OH(l) + 3 O2(g) → 2 CO2(g) + 3 H2O(l)    ΔH = −1367 kJ
```

அடுத்து, தெரிந்த சமன்பாடுகளில் ஒன்றில் மட்டுமே வரும் பொருளைத் தேடுங்கள். இங்கே குளுக்கோஸ் (1)இல் மட்டும் இருக்கிறது, எத்தனால் (2)இல் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டும்தான் நமக்கு வழிகாட்டிகள். CO2 இரண்டிலும் வருகிறது, அதை வைத்துத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும்.

வேண்டிய சமன்பாட்டில் குளுக்கோஸ் இடப்பக்கம், 1 மோல். (1)இலும் அப்படியே இருக்கிறது, ஆகவே (1)ஐத் தொட வேண்டாம். எத்தனால் வலப்பக்கம், 2 மோல். (2)இல் அது இடப்பக்கம், 1 மோல். ஆகவே (2)ஐத் திருப்பி 2 ஆல் பெருக்க வேண்டும். O2, H2O இரண்டையும் பற்றி இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டாம். வழிகாட்டிப் பொருள்களைச் சரியாக வைத்தால் மற்றவை தாமாகவே அடிபடும்.

```
(1)         C6H12O6 + 6 O2 → 6 CO2 + 6 H2O       −2803
(2) × (−2)  4 CO2 + 6 H2O → 2 C2H5OH + 6 O2      +2734
-------------------------------------------------------
            C6H12O6 → 2 C2H5OH + 2 CO2            −69 kJ
```

6 O2 இருபுறமும் அடிபடுகிறது, 6 H2O இருபுறமும் அடிபடுகிறது, 6 CO2இல் 4 போக 2 மிஞ்சுகிறது. கூட்டி வந்த சமன்பாடு வேண்டிய சமன்பாட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்களைக் கூட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எண்ணைக் கூட்டுவதில் பயனில்லை.

சமன்பாட்டைத் திருப்பினால் குறி மட்டும்தான் மாறுமா, எண் மாறாதா?

எண் மாறாது. என்தால்பி ஒரு நிலைச் சார்பு. எத்தனாலும் ஆக்சிஜனும் ஒரு மட்டத்தில், CO2உம் நீரும் 1367 கிலோஜூல் கீழே இன்னொரு மட்டத்தில். கீழே இறங்கும்போது வெளிவந்ததை மேலே ஏறும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் போதும் என்றிருந்தால், இறங்கி ஏறி இறங்கி ஏறி ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அது நடக்காது.

CO2ஐயும் நீரையும் சேர்த்து எத்தனால் செய்ய முடியுமா என்ற கேள்வி இங்கே எழத் தேவையில்லை. திருப்பிய சமன்பாடு ஆய்வகத்தில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் அது சொல்கிறது.

அட்டவணையில் "ஒரு மோலுக்கு −1367" என்று இருக்கிறது. அது மாறாத எண்தானே, பிறகு ஏன் 2 ஆல் பெருக்க வேண்டும்?

அட்டவணையில் உள்ளது 1 மோல் எத்தனால் எரிவதற்கானது. அந்த எண் மாறவில்லை. நீங்கள் எழுதிய சமன்பாட்டில் 2 மோல் எத்தனால் இருக்கிறது, அந்தச் சமன்பாட்டுக்கான வெப்பம்தான் இரட்டிப்பாகிறது. ΔH எப்போதும் எழுதிய சமன்பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். குணகங்கள் அனைத்தையும் எதனால் பெருக்கினோமோ, ΔHஐயும் அதனாலேயே பெருக்க வேண்டும்.

வகுப்பதும் அப்படித்தான். "உருவாகும் 1 மோல் எத்தனாலுக்கு எவ்வளவு வெப்பம்?" என்று தேர்வில் கேட்டால், −69ஐ 2 ஆல் வகுத்து −34.5 கிலோஜூல் என்று எழுத வேண்டும். கேள்வி எந்தப் பொருளின் ஒரு மோலுக்குக் கேட்கிறது என்பதைக் கவனிக்காமல் இழக்கும் மதிப்பெண்கள் அதிகம். சமன்பாட்டில் ½ போன்ற பின்னக் குணகம் வந்தால் அதுவும் தவறில்லை.

நான் எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் −333 வருகிறது. எங்கே பிழை?

நீரின் நிலையில். இது மிக நுட்பமான பிழை, ஏனென்றால் சமன்பாடுகளை வெறும் குறியீடுகளாக எழுதிக் கூட்டும்போது எல்லாம் அழகாக அடிபட்டுவிடும்.

எத்தனாலுக்கு −1235 கிலோஜூல் என்ற எண்ணை எடுத்திருப்பீர்கள். அது எரிபொருள் அட்டவணைகளில் கீழ் வெப்பமதிப்பு என்று வருவது. ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 26.8 மெகாஜூல் என்று கொடுத்திருப்பார்கள். எஞ்சினிலும் கொதிகலனிலும் நீர் ஆவியாகவே புகைபோக்கி வழியே போய்விடுகிறது, அதனால் பொறியியலில் அந்த மதிப்பைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது சரியான எண்தான். ஆனால் அதற்குரிய சமன்பாட்டில் இருப்பது 3 H2O(g). குளுக்கோஸின் −2803க்கு உரிய சமன்பாட்டில் இருப்பது 6 H2O(l). ஆவியையும் திரவத்தையும் ஒன்றோடொன்று அடிக்க முடியாது.

1 மோல் நீர் 25 °Cஇல் ஆவியாக 44 கிலோஜூல் வேண்டும். அடிபட்டதாக நினைத்த 6 மோலுக்கு 264 கிலோஜூல். −333க்கும் −69க்கும் உள்ள வேறுபாடு அதே 264. இந்த வகைக் கணக்கில் விடை 44இன் மடங்காக விலகியிருந்தால் வேறெங்கும் தேடாமல் முதலில் நீரின் நிலையைப் பாருங்கள்.

கையில் ஆவிக்கான மதிப்பு மட்டுமே இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். H2O(g) → H2O(l), ΔH = −44 கிலோஜூல் என்பதை மூன்றாவது சமன்பாடாகச் சேர்த்து, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் −1367 திரும்பி வரும்.

வேறு தவறான விடைகளைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் கணக்கில் பெரும்பாலும் முடியும். −1436 வந்தால் (2)ஐத் திருப்பினீர்கள், ஆனால் எண்ணை 2 ஆல் பெருக்கவில்லை. −5537 வந்தால் பெருக்கினீர்கள், குறியை மாற்றவில்லை. +69 வந்தால் (2)க்குப் பதிலாக (1)ஐத் திருப்பிவிட்டீர்கள், அதாவது எத்தனாலிலிருந்து குளுக்கோஸ் செய்யும் வினைக்கு விடை கண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். 2 மோல் எத்தனாலை எரித்தால் வரும் 2734 கிலோஜூல், 1 மோல் குளுக்கோஸை எரித்தால் வரும் 2803இல் ஏறக்குறைய 97.5 சதவீதம். சர்க்கரையின் எரிதல் ஆற்றலில் பெரும்பங்கு எத்தனாலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நொதித்தலில் வெளிவருவது சிறு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விடை வந்தால் அதுவே எச்சரிக்கை.

எரிதல் மதிப்புகளுக்குப் பதிலாக உருவாதல் என்தால்பிகளைக் கொண்டு செய்யலாமா?

தாராளமாக. 25 °Cஇல் குளுக்கோஸுக்கு −1273.3, திரவ எத்தனாலுக்கு −277.7, CO2க்கு −393.5 கிலோஜூல்.

```
2(−277.7) + 2(−393.5) − (−1273.3) = −69.1 kJ
```

மாணவர்கள் இங்கே தடுமாறுவது சூத்திரத்தில். உருவாதல் மதிப்புகளுக்கு "விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்", எரிதல் மதிப்புகளுக்கு "வினைபடுபொருள் கழித்தல் விளைபொருள்". இரண்டையும் மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் இடம் மாறிப்போகும். காரணம் தெரிந்தால் மாறாது. உருவாதல் சமன்பாட்டில் நமக்கு வேண்டிய பொருள் வலப்பக்கம் இருக்கிறது, அதனால் விளைபொருள்களின் சமன்பாடுகளைத் திருப்பத் தேவையில்லை, வினைபடுபொருளுடையதைத் திருப்ப வேண்டும். எரிதல் சமன்பாட்டில் அந்தப் பொருள் இடப்பக்கம் இருக்கிறது, அதனால் விளைபொருளுடையதைத் திருப்புகிறோம். நொதித்தலில் வரும் CO2க்கு எரிதல் மதிப்பு பூஜ்யம், அது மேற்கொண்டு எரியாது.

ஒரு புத்தகத்தில் −69, இன்னொன்றில் −67, வேறொன்றில் −74 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறுகிறோம். இந்த முறையின் பலவீனம் இதுதான், இதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. குளுக்கோஸின் எரிதல் மதிப்பில் அரை சதவீதம் பிழை இருந்தால் அது 14 கிலோஜூல். 2803க்கு முன்னால் அது அற்பம், 69க்கு முன்னால் ஐந்தில் ஒரு பங்கு. வேறு வேறு அட்டவணைகளிலிருந்து எடுத்த, வேறு வேறு விதமாக முழுதாக்கிய எண்களைக் கலந்தால் ஓரிரண்டு கிலோஜூல் விலகுவது இயல்பு. எல்லா மதிப்புகளையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுப்பது நல்லது.

−74க்குக் காரணம் வேறாக இருக்கலாம். குண்டு கலோரிமானி மூடிய கலம், அதில் கன அளவு மாறாது. அங்கே அளப்பது அக ஆற்றல் மாற்றம், என்தால்பி மாற்றம் அன்று. குளுக்கோஸ் எரியும்போது 6 மோல் வாயு போய் 6 மோல் வாயு வருகிறது, அதனால் இரண்டும் சமம். எத்தனாலில் 3 மோல் போய் 2 மோல் வருகிறது. அந்த ஒரு மோல் குறைவுக்கு 25 °Cஇல் 2.5 கிலோஜூல் திருத்தம் வேண்டும். திருத்தாமல் −1364.3ஐ எடுத்து இரட்டித்தால் 5 கிலோஜூல் தவறி, விடை −74 என்று நிற்கும்.

பெரிய எண்களில் உள்ள பிழை சிறிய விடையில் பெரிதாகத் தெரியும் என்பதால், பள்ளியில் ஸ்பிரிட் விளக்கின் மேல் தண்ணீரைச் சூடாக்கிக் கண்ட எத்தனால் மதிப்பை இந்தக் கணக்கில் ஒருபோதும் போடாதீர்கள். அந்தச் சோதனையில் வெப்பம் சுற்றுக் காற்றுக்கு நிறையவே போய்விடும். −1000 என்று கிடைத்ததாக வைத்துக்கொண்டால் நொதித்தலுக்கு −803 வரும், உண்மையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு நெருக்கமாக.

மொலாசஸில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ்தானே? அதற்கு −69ஐ இரட்டித்தால் போதுமா?

போதாது. சுக்ரோஸின் எரிதல் என்தால்பி −5640 கிலோஜூல். முன் போலவே, ஆனால் எத்தனால் சமன்பாட்டை இம்முறை 4 ஆல் பெருக்கிச் செய்யுங்கள்.

```
C12H22O11 + 12 O2 → 12 CO2 + 11 H2O              −5640
8 CO2 + 12 H2O → 4 C2H5OH + 12 O2                +5468
-------------------------------------------------------
C12H22O11 + H2O → 4 C2H5OH + 4 CO2                −172 kJ
```

நீர் இங்கே முழுதாக அடிபடவில்லை. வலப்பக்கம் 11, இடப்பக்கம் 12. மிஞ்சும் 1 மோலை "கணக்குப் பிசகு" என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அது பிசகல்ல. சுக்ரோஸ் முதலில் நீரோடு சேர்ந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது, அதற்கு வேண்டிய நீர்தான் அது. சமன்பாடுகளைக் கூட்டும் வேலையே அதை நமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

−172க்கும் 2 × (−69) = −138க்கும் இடையே உள்ள 34 கிலோஜூல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, சுமார் 27 கிலோஜூல், அந்தப் பிரிவில் வெளிவரும் வெப்பம். மீதி, ஃபிரக்டோஸ் குளுக்கோஸைவிடச் சற்றே கூடுதல் வெப்பத்தோடு நொதிப்பதால்.

கணக்குப்படி பார்த்ததைவிடத் தொட்டி அதிகம் சூடாகிறதே, விதி தவறா?

விதி சரி, சமன்பாடுதான் தொட்டிக்கு உரியதல்ல. மேலே எழுதியது திண்மக் குளுக்கோஸ் தூய திரவ எத்தனாலாக மாறுவதற்கு. தொட்டியில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது, எத்தனாலும் நீரில் கலந்தே பிறக்கிறது. ஆகவே இன்னும் இரண்டு சமன்பாடுகள் வேண்டும். குளுக்கோஸ் கரையும்போது 1 மோலுக்குச் சுமார் 11 கிலோஜூல் உறிஞ்சுகிறது. எத்தனால் நிறைய நீரில் கரையும்போது 1 மோலுக்குச் சுமார் 10 கிலோஜூல் வெளிவிடுகிறது.

```
C6H12O6(aq) → C6H12O6(s)                 −11   (திருப்பியது)
C6H12O6(s) → 2 C2H5OH(l) + 2 CO2(g)      −69
2 C2H5OH(l) → 2 C2H5OH(aq)               −20   (2 ஆல் பெருக்கியது)
-------------------------------------------------------
C6H12O6(aq) → 2 C2H5OH(aq) + 2 CO2(g)   −100 kJ
```

மூன்றும் ஒரே திசையில் சேர்வதால் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஒரு லிட்டரில் 150 கிராம் குளுக்கோஸ் இருப்பதாகக் கொள்வோம், அது 0.83 மோல். −69ஐ வைத்தால் 57 கிலோஜூல், −100ஐ வைத்தால் 83 கிலோஜூல். லிட்டருக்கு ஒரு டிகிரி உயர 4.18 கிலோஜூல் என்று தண்ணீருக்குரிய மதிப்பையே எடுத்தால், முதலாவது 14 டிகிரி உயர்வு, இரண்டாவது 20 டிகிரி. 30 °Cஇல் தொடங்கிய தொட்டி, வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால், 44 °Cக்கும் 50 °Cக்கும் போகும் என்கின்றன இந்த இரண்டு கணக்குகளும். சாதாரண ஈஸ்ட் 40 °Cஐத் தொடுவதற்கு முன்பே திணறத் தொடங்கிவிடும், சர்க்கரை மீந்துபோகும். குளிர்விப்பானின் அளவைச் சிறிய எண்ணை நம்பித் தீர்மானித்தால் அது போதாமல்தான் போகும்.

உண்மைத் தொட்டியில் சுவர் வழியாகவும், வெளியேறும் CO2 சுமந்து செல்லும் நீராவி, எத்தனால் ஆவி வழியாகவும் கொஞ்சம் வெப்பம் போகும். ஈஸ்ட் வளர்வதால் கொஞ்சம் கூடுதலாகவும் வரும். இவை ஹெஸ் கணக்குக்கு வெளியே, தனியாகச் சேர்க்க வேண்டியவை.

அட்டவணை 25 °Cக்கு. தொட்டி 32 °Cஇல் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

இந்த வேலைக்குத் தேவையில்லை. தூய பொருள்களின் வெப்பக் கொள்ளளவுகளை வைத்துப் பார்த்தால், விளைபொருள்களுக்கும் குளுக்கோஸுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 80 ஜூல். 7 டிகிரிக்கு அரை கிலோஜூலைச் சற்றுத் தாண்டும். அட்டவணை எண்களை முழுதாக்கும்போதே அதைவிட அதிகம் போகிறது. வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி விலகினாலோ, இடையில் ஒரு பொருள் உருகினாலோ கொதித்தாலோதான் திருத்தம் அவசியம். அப்போது அந்த உருகுதலையும் கொதித்தலையும், நீருக்குச் செய்தது போலவே, தனிச் சமன்பாடாக எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.